‘இது விளம்பரம்’ என்று இயல்பாகச் சொல்வது எப்படி? யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பக்கம் தொடங்கியவர்களுக்கு

முதல் பொதி வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு கிலோ கறித்தூள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “தங்கச்சி, வடிவா ஒரு ரீல் செய்து போடுங்கோ, காசு வெள்ளிக்கிழமை போட்டுவிடுறம்.” சமைப்பது, படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். கை தடுமாறும் இடம் ஒன்றுதான். கடை காசு தந்தது என்பதை எங்கே, எந்தச் சொல்லில் எழுதுவது? எழுதினால் பத்திரிகை விளம்பரம் மாதிரி விறைப்பாகிவிடுகிறது. எழுதாமல் விட்டால் பார்க்கிறவர்களை ஏமாற்றியதாகிறது.

நான் ஐந்து வருடமாகச் சமையல் பக்கம் ஒன்று நடத்துகிறேன். தொடக்கத்தில் இதைப் பிழையாகத்தான் செய்தேன். ஒரு கடை தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைத் தந்தது. நான் படம் போட்டு, கடைசி வரியில் “நன்றி” என்று கடையின் பெயரை எழுதினேன். இரண்டு கிழமை கழித்துத் திருநெல்வேலிச் சந்தையில் தூரத்து உறவுப் பெரியம்மா ஒருவர் என்னைக் கண்டு, கைப்பையைத் திறந்து அதே போத்தலை எடுத்துக் காட்டினார். “நீ பாவிக்கிறாய் எண்டுதான் பிள்ளை நானும் வாங்கினனான். நீ காசு குடுத்து வாங்கினனியோ, அவை தந்ததோ?” என்று கேட்டார். தந்தது என்றேன். “அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே” என்றார். கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை. நான் ‘நன்றி’ என்று எழுதியதை அவர் வாசித்திருந்தார். கடையில் நன்றாகக் கவனித்தார்கள், அதற்கு நன்றி என்று விளங்கிக்கொண்டிருந்தார். பிழை அவர் வாசித்த விதத்தில் இல்லை, நான் எழுதிய சொல்லில் இருந்தது.

எந்தச் சொல் எதை மறைக்கிறது, எந்த வசனம் எதை வெளியே சொல்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில்: சொல்லவேண்டிய உறவு இருக்கிறதா?

காசு வாங்கினால் சொல்லவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றில்தான் குழப்பம். பொருளை இலவசமாகத் தந்தாலும் சொல்லவேண்டும். திருப்பித் தரத் தேவையில்லை என்று சேலை ஒன்றை அனுப்பினாலும், சாப்பாட்டுக் கடையில் பில் போடாமல் விட்டாலும் அது தந்ததுதான். உங்கள் விலைக் குறைப்புக் குறியீட்டைப் போட்டு வாங்குகிறவர்களால் உங்களுக்குப் பங்கு வருமென்றால் அதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதிகம் விட்டுப்போவது இன்னொன்று: கடை உங்கள் மாமாவுடையது, அல்லது அண்ணா அங்கே வேலை செய்கிறார். காசு கைமாறவே இல்லை, ஆனால் உறவு இருக்கிறது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி 2019 நவம்பரில் சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்களுக்காக வெளியிட்ட சிறு கையேடு காசு, இலவசப் பொருள், வேலை, குடும்ப உறவு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

அமெரிக்க விதி நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இருக்கிற வாங்குவோரையும் பதிவு பாதிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமானால், வெளிநாட்டிலிருந்து போட்டாலும் அமெரிக்கச் சட்டம் பொருந்தும் என்று அதே கையேடு சொல்கிறது. நம் பக்கங்களைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் லண்டனிலும் டொரொன்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தின் கணக்கையே திறந்து பாருங்கள். தூள் பொதியில் ‘வெளிநாட்டுக்கும் அனுப்புவோம்’ என்று அச்சடித்திருந்தால் கேள்வியே இல்லை. இங்கே நாட்டுக்குள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடக்கூடாது என்று அதன் 30ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ‘விளம்பரம் என்று போடாதீங்கோ’ என்று கேட்கிற கடைக்காரரும் தன் நன்மைக்காகவாவது யோசிக்கவேண்டும்.

சொல்லைத் தேர்தல்

இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான். ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றின் சொற்களைத் தமிழாக்கிப் போட்டால் காரியம் ஆகாது, ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது.

‘அனுசரணை’யை எடுங்கள். நிறுவனங்கள் முதலில் நீட்டும் சொல் இதுதான்: “இன்ன நிறுவனத்தின் அனுசரணையுடன்.” இந்தச் சொல்லை நம்மவர்கள் எங்கே கேட்டுப் பழகியிருக்கிறார்கள்? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், வானொலி நிகழ்ச்சியில், ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில். அங்கெல்லாம் அனுசரணை என்றால் ஒருவர் நல்ல காரியத்துக்குக் கைகொடுத்தார் என்று அர்த்தம். கோயில் மின்விசிறியில் ‘உபயம்: இன்னார் குடும்பம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் அதே கண்ணோடுதான் இதையும் பார்க்கிறார்கள். கடை உங்கள் முயற்சிக்கு ஆதரவு தந்ததாகத் தோன்றும். நீங்கள் பேசுகிற பேச்சுக்கு அவர்கள் காசு தந்தார்கள் என்பது தோன்றாது. விளையாட்டுப் போட்டிக்கு அனுசரணை தந்த கடையைப் பற்றி ஓடுகிற பிள்ளை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, நீங்கள் பேசுகிறீர்கள்.

‘அன்பளிப்பு’ இன்னும் மென்மையானது. கலியாண வீட்டு உறையில் எழுதுகிற சொல் அது. பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல் தந்தது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. கடை அனுப்பும் பொதியில் எதிர்பார்ப்பு இருக்கிறது, சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ‘இலவசமாகத் தந்தார்கள்’ என்று எழுதினால் அந்த மென்மை கரைந்துவிடும்.

‘இணைந்து வழங்கும்’, ‘கொலாப்’ இரண்டும் சமமான இருவர் சேர்ந்து ஏதோ உருவாக்கியது மாதிரிக் காட்டும். ‘கொலாப்’ விஷயத்தில் வழிகாட்டிகளே ஒரே மாதிரிச் சொல்வதில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த நெறிமுறை, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை collaboration என்று முழுமையாக எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. எஃப்.டி.சி கையேடு அதன் குறுக்கத்தைத் தெளிவில்லாதது என்று ஒதுக்குகிறது. தனியே ‘நன்றி’ என்று போடுவதையும் அது வேண்டாம் என்கிறது. சந்தையில் பெரியம்மா என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

அப்படியானால் மிச்சமிருப்பது ‘விளம்பரம்’. பழைய சொல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எண்பது வயது அம்மம்மாவுக்கும் ஒரே மாதிரி விளங்கும் சொல். எழுதப் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது, நானும் கூசியிருக்கிறேன். ஆனால் வேறு எந்தச் சொல்லும் இதன் வேலையைச் செய்வதில்லை. தமிழில் பேசும் வீடியோவுக்கு ஆங்கிலத்தில் #ad என்று மட்டும் போடுவதும் அரைவாசி வேலைதான். விளம்பரத்தின் மொழியிலோ ஆங்கிலத்திலோ, சராசரி வாசகருக்கு விளங்கும்படி இருக்கவேண்டும் என்கிறது இந்திய நெறிமுறை. உங்கள் பக்கத்தைப் பார்க்கிற அன்ரிமாருக்கு எது விளங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வசனத்தைக் கட்டுதல்

‘விளம்பரம்’ என்ற ஒற்றைச் சொல் நேர்மையானது, ஆனால் வெறுமையானது. இயல்பாக இருக்கவேண்டுமென்றால் அதற்குப் பின்னால் ஒரு சின்ன வசனம் வேண்டும். அந்த வசனத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: யார் தந்தது, என்ன தந்தது, எதற்காகத் தந்தது.

இங்கே தமிழ் இலக்கணமே நம்மைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று நினைத்தவுடன் கை ‘வழங்கப்பட்டது’, ‘தயாரிக்கப்பட்டதாகும்’ என்று போகும். “இக்காணொளியில் இடம்பெறும் பொருள் எமக்கு வழங்கப்பட்டதாகும்.” யார் வழங்கினார்? அந்த ஆளே வசனத்துக்குள் இல்லை. ‘பட்டது’ போட்ட இடமெல்லாம் செய்தவர் மறைந்துவிடுவார். அதனால் என் விதி ஒன்று: அறிவிப்பு வசனத்தில் ‘பட்டது’ வரக்கூடாது. தந்தவர் எழுவாயாக நிற்கவேண்டும். “இன்ன கடை இந்தத் தூளையும் காசையும் தந்து இந்த வீடியோவைச் செய்யச் சொன்னது.” அவ்வளவுதான். இது பேச்சு மாதிரியும் இருக்கிறது, மறைக்கவும் ஒன்றும் இல்லை.

இன்னொரு இழுப்பு, தமிழில் வினை கடைசியில் வருவது. நீளமான வசனம் எழுதினால் ‘காசு தந்தது’ என்ற பகுதி மூன்றாம் வரிக்குப் போய்விடும். போனில் மூன்றாம் வரியை யாரும் காண்பதில்லை. ஆகவே ‘இது விளம்பரம்’ என்ற சின்ன வசனத்தை முதலில் முடித்துவிட்டு, விவரத்தை அடுத்த வசனத்தில் எழுதுங்கள்.

நிலைமைக்கு ஏற்ற மாதிரிகள் சிலவற்றைத் தருகிறேன். அப்படியே எடுக்காமல் உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசு வாங்கியிருந்தால்: “இது விளம்பரம். இன்ன கடைக்காரர் காசு தந்து செய்யச் சொன்னவை.”

பொருள் மட்டும் வந்திருந்தால்: “இந்தச் சேலையை இன்ன கடை எனக்குச் சும்மா தந்தது, காட்டச் சொல்லி. நான் வாங்கினதில்லை.”

பங்கு வருமென்றால்: “இந்தக் குறியீட்டைப் போட்டால் உங்களுக்கு விலை குறையும், எனக்கும் ஒரு பங்கு காசு வரும்.” பலர் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துகிறார்கள். விலைக் குறைப்பு என்பது வாங்குகிறவருக்குச் சொல்கிற நல்ல செய்தி, அறிவிப்பு என்பது இரண்டாம் பாதி.

சொந்தக்காரர் கடையென்றால்: “இது என்ர மாமாவின்ர கடை, அதையும் மனதில வைச்சுக்கொண்டு கேளுங்கோ.” இது எனக்கு மிகவும் பிடித்த வசனம். யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் யாரும் இல்லை. மாமாவின் கடையைப் பற்றிப் பேசாமல் வேறு யாருடைய கடையைப் பற்றிப் பேசுவது என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. “சொல்வதெல்லாம் என் சொந்தக் கருத்து” என்ற வரியை வழக்கத்துக்குச் சேர்க்காதீர்கள். கடை உங்கள் வீடியோவை முன்கூட்டியே பார்த்து இரண்டு வசனத்தை மாற்றச் சொல்லியிருந்தால் அந்த வரி பொய். அப்போது “வீடியோவைப் போட முதல் கடைக்காரரும் பார்த்தவை” என்று எழுதுங்கள். பாவித்துப் பார்க்காத பொருளைப் பாவித்த மாதிரிப் பேசுவதற்கு எந்த அறிவிப்பும் பரிகாரம் ஆகாது. ‘விளம்பரம்’ என்று பெரிதாக எழுதிவிட்டு, திறக்காத போத்தலைக் கையில் பிடித்து ‘என் முடி கொட்டுவது நின்றுவிட்டது’ என்று சொன்னால் அது வெறும் பொய்தான்.

ஒரு ரீலை முழுதாகச் செய்து பார்ப்போம்

போன மாரியில் நான் செய்த ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். கோண்டாவில் பக்கம் வீட்டில் கறித்தூள் வறுத்து இடித்து விற்கும் அக்கா ஒருவர். ஒரு கிலோ தூளும் 20,000 ரூபாயும். பதிலுக்கு 60 செக்கனில் நண்டுக் கறி ரீல் ஒன்று. கடைப் பெயரை இங்கே ‘இன்ன கடை’ என்றே எழுதுகிறேன்.

ரீலுக்குக் கீழே போடும் வாசகத்தின் முதல் வரைவு இப்படி இருந்தது:

“மழைக்குச் சுடச்சுட நண்டுக் கறி! அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு. இந்தத் தூளின் வாசமே தனி, வீட்டில் எல்லாரும் சட்டியை வழிச்சுச் சாப்பிட்டினம். வேணுமெண்டால் கீழே இலக்கம் இருக்கு. நன்றி இன்ன கடை. #jaffnafood #crabcurry #collab #foodie”

போனில் பார்த்தபோது ‘அம்மாவின் கைப்பக்குவம்’ வரை தெரிந்தது. பிறகு ‘... more’ வந்துவிட்டது. தமிழ்ச் சொற்கள் நீளம், ஆங்கிலத்தைவிடக் குறைவான சொற்களே இரண்டு வரிக்குள் அடங்கும். ரீலில் இன்னும் மோசம், கிட்டத்தட்ட ஒரு வரிதான் தெரியும். காசைப் பற்றிய ஒரே தடயம் நாலு ஹாஷ்டேக்குக்கு நடுவில் மூன்றாவதாகக் கிடக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் ‘கொலாப்’.

திருத்தியது:

“இது விளம்பரம். தூளும் காசும் இன்ன கடை தந்தது, நண்டுக் கறி எங்கட வீட்டு முறை.
மழைக்குச் சுடச்சுட வைச்சுப் பாருங்கோ. உறைப்பு கொஞ்சம் கூட, சின்னப் பிள்ளையள் இருந்தால் அரைவாசித் தூள் போடுங்கோ. வேணுமெண்டால் கீழே இலக்கம் இருக்கு.”

முதல் வரியின் பின்பாதியைக் கவனியுங்கள். எது கடையுடையது, எது என்னுடையது என்று அங்கே பிரிந்துவிடுகிறது. அதனால் அறிவிப்பு தனியாக ஒட்டிய சீட்டு மாதிரி நிற்காமல் கதையின் முதல் வரியாகவே ஆகிவிடுகிறது. இயல்பு என்று நான் சொல்வது இதைத்தான். அறிவிப்பைச் சின்னதாக்கினால் இயல்பாகாது. அதை அடுத்த வரியோடு கோர்த்தால் ஆகும்.

இனி வீடியோ. வாசகத்தில் மட்டும் சொன்னால் போதாது, பலர் அதைத் திறப்பதே இல்லை. குரலில் மட்டும் சொன்னாலும் போதாது, பஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறவர்கள் அதிகம். ஆகவே இரண்டிலும். நண்டு சட்டிக்குள் விழும் காட்சியோடு என் குரல் இப்படித் தொடங்கியது: “வணக்கம். இண்டைக்குப் பாவிக்கிற தூள், கடைக்காரர் காசும் தந்து விளம்பரம் செய்யச் சொன்னது. நான் மூண்டு தரம் சமைச்சுப் பார்த்திட்டுத்தான் கதைக்கிறன்.” பதற்றம் இல்லாமல் சொன்னால் எட்டு ஒன்பது செக்கன் எடுக்கும். மூச்சு விடாமல் ஓட்டிச் சொன்னால் நான்கில் முடியும், ஆனால் மறைக்கிற மாதிரிக் கேட்கும். பாராட்டைச் சொல்லும் அதே வேகத்தில் இதையும் சொல்லுங்கள்.

திரையில் ‘விளம்பரம்’ என்ற சொல். எவ்வளவு நேரம்? இந்திய நெறிமுறை கணக்காகவே சொல்கிறது: 15 செக்கனுக்குள் முடியும் வீடியோ என்றால் குறைந்தது 3 செக்கன், 15 செக்கனுக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு, 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். என் ரீல் 60 செக்கன், அப்படியானால் 20 செக்கன். நான் அறுபது செக்கனும் விட்டுவிட்டேன். கணக்குப் பார்க்கும் வேலை மிச்சம், நடுவில் வந்து சேர்கிறவரும் காண்பார்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரீலின் அடிப்பகுதியில் உங்கள் பெயரும் வாசகமும் ஏறி நிற்கும், வலது ஓரத்தில் இதயக் குறியும் பகிரும் குறியும் இருக்கும். அங்கே வைத்த எழுத்து அவற்றுக்குப் பின்னால் போய்விடும். மேல்பகுதியில் இடப்பக்கமாக, ஆனால் விளிம்பில் ஒட்டாமல் வையுங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடும், ‘ள’வும் ‘ன’வும் ஒரே கறை மாதிரித் தெரியும். நண்டுக் கறி சிவப்பு, அதன்மேல் வெள்ளை எழுத்து ஆவியில் கரைந்துபோனது. கறுப்புப் பட்டியின்மேல் வெள்ளை எழுத்து வைத்தபிறகு சரியானது.

அடுத்தது செயலியே தரும் முத்திரை. இன்ஸ்டகிராமில் Paid partnership என்ற முத்திரையைப் பதிவேற்றும்போதே சேர்க்கலாம். டிக்டாக்கிலும் அதற்கென்று ஒரு தெரிவு இருக்கிறது. யூடியூப்பில் வீடியோவின் விவரப் பக்கத்தில் paid promotion இருக்கிறது என்று ஒரு பெட்டியைத் தட்டினால், தொடக்கத்தில் சில செக்கனுக்கு Includes paid promotion என்று காட்டும். மூன்றையும் பாவியுங்கள். ஆனால் அவற்றோடு நிறுத்தாதீர்கள். அந்த முத்திரை சின்ன எழுத்து, பலருக்குப் போன் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உங்கள் அன்ரிமார் அதைப் பெயரின் ஒரு பகுதி என்று நினைத்துக் கடந்துபோவார்கள். முத்திரை மட்டும் போதுமென்று நினைக்கவேண்டாம் என்று எஃப்.டி.சியும் சொல்கிறது.

கடைசியாக, போட முன் ஒரு சோதனை. வீடியோவைச் சத்தமில்லாமல் ஐந்து செக்கன் ஓடவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் அது அம்மம்மா. போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “இது என்ன வீடியோ?” என்று கேட்டேன். ‘விளம்பரம் பார்த்தியோ’ என்று கேட்கக்கூடாது, கேட்டால் பதிலை நாமே கொடுத்ததாகிவிடும். வெள்ளை எழுத்தோடு காட்டியபோது “நண்டு சமைக்கிறாய்” என்றார். கறுப்புப் பட்டி போட்டுக் காட்டியபோது “நண்டு. ஆரோ விளம்பரத்துக்குத் தந்திருக்கினம் போல” என்றார். அந்தப் ‘போல’ எனக்குப் போதுமாக இருந்தது, மிச்சத்தைக் குரல் சொல்லும்.

கடைக்காரரிடம் எப்போது சொல்வது

காசு வாங்க முன். வீடியோவை முடித்து அனுப்பும்போது சொன்னால் சண்டை வரும், அவர்களிலும் பிழை இல்லை. நான் அனுப்பும் செய்தி இதுதான்: “அக்கா, வீடியோவின்ர முதல் வசனத்தில நீங்கள் காசு தந்தது எண்டு சொல்லுவன், மேல ‘விளம்பரம்’ எண்டும் இருக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறனான். அது சரியெண்டால் மிச்சத்தைக் கதைப்பம்.”

கோண்டாவில் அக்கா உடனே அழைப்பெடுத்தார். “முன்னுக்கே போட்டால் ஆக்கள் தள்ளிவிட்டுப் போயிடுவினமே தங்கச்சி?” என்றார். நியாயமான பயம். போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். ஆனால் விளம்பரம் என்ற சொல்லைக் கண்டவுடன் போகிறவர், ஏமாற்றி உட்கார வைத்தாலும் தூள் வாங்கப்போவதில்லை. உறைப்பு கூட என்ற வரியை எடுக்கமுடியுமா என்றும் கேட்டார். எடுக்கமாட்டேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன்: குறையையும் சொன்னால்தான் வாசம் தனி என்று நான் சொல்வதை நம்புவார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ரீலுக்குக் கீழே வந்த கேள்விகள் விலை என்ன, அரைக் கிலோவும் இருக்கா, கனடாவுக்கு அனுப்புவீங்களா என்பவைதான். ஒருவர் மட்டும் “உறைப்புக் குறைச்சு ஒரு தூள் செய்யமாட்டீங்களோ?” என்று கேட்டிருந்தார். இப்போது அக்கா இரண்டு வகை விற்கிறார்.

சம்மதிக்காத கடைகளும் உண்டு. ஒருமுறை ஒரு கடை ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘அனுசரணை’ என்று போடச் சொல்லி மூன்று நாள் பேரம் பேசியது. ‘இன்ன கடையின் அனுசரணையோடு, காசு வாங்கிச் செய்யும் விளம்பரம்’ என்று போடலாம் என்றேன். வேண்டாம் என்றார்கள், நானும் பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரீல் தவிர மற்ற இடங்கள்

ஸ்டோரியில் ஒவ்வொரு துண்டும் தனி. நாலு துண்டு போட்டு முதலாவதில் மட்டும் எழுதினால், மூன்றாவதில் வந்து சேர்கிறவருக்கு அது தெரியாது. பொருள் வருகிற எல்லாத் துண்டிலும் ‘விளம்பரம்’ வேண்டும். படத்தின் மேலேயே எழுதுங்கள்.

நேரலையில் தொடக்கத்தில் சொன்னால் போதாது. ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். புதிதாக வந்தவரின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது, அதோடு சேர்த்துவிடுங்கள்: “வாங்கோ வாங்கோ, இண்டைக்கு இன்ன கடையின்ர விளம்பரத்துக்காகத்தான் சமைக்கிறம்.” பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இது தானாகவே வரும். முடிக்கும்போதும் ஒருமுறை சொல்லுங்கள்.

பழைய பதிவுகளில் ஒரு பொறி இருக்கிறது. தை மாதம் நீங்களே காசு கொடுத்து வாங்கி ஒரு பொருளைப் புகழ்ந்து போட்டிருப்பீர்கள். சித்திரையில் அந்தக் கடை அதைக் கண்டு, காசு தந்து, அதே பதிவைத் திரும்பப் பரப்பச் சொல்லும். ‘நானே வாங்கினது’ என்று வீடியோவில் சொன்னது அன்றைக்கு உண்மை. இன்றைக்கு அது பாதி உண்மை. வாசகத்தின் முதல் வரியைத் திருத்தலாம்: “தை மாதம் நானே வாங்கிப் போட்ட வீடியோ. இப்ப இதைத் திரும்பப் போட இன்ன கடை காசு தந்திருக்கு, அதனால இது விளம்பரம்.” ஆனால் வீடியோவுக்குள் இருக்கும் குரலை மாற்றமுடியாது. வாசகத்தைத் திறக்காதவர்களுக்குப் பழைய குரல்தான் கேட்கும். அதனால் நான் அப்படிக் கேட்டால் புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றுதான் சொல்வேன், அதே சட்டியில், அதே தூளில், புதிய முதல் வசனத்தோடு.